ரத்த அழுத்த ஸ்டேஷன்: டெமோ நோட்ஸிலிருந்து செக்லிஸ்ட் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு செய்முறையைத் தேர்வாளர் முன் செய்துகாட்ட வேண்டிய ஆஸ்கி தேர்வுக்கு நான் டெமோ காட்டும் வகுப்புகளிலும், மாதிரித் தேர்வில் தேர்வாளராக உட்கார்ந்த நாட்களிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. எல்லா ஸ்டேஷனையும் தொடாமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: கையால் காற்றடித்து, ஸ்டெத்தாஸ்கோப் வைத்து ரத்த அழுத்தம் பார்ப்பது. எல்லோரும் எளிது என்று நினைப்பதாலேயே அதிகம் மார்க் போகும் ஸ்டேஷன் இது.

டெமோவில் எழுதிய நோட்ஸ் என்னிடம் இருக்கிறது. அதையே படித்துக்கொண்டு போனால் போதாதா?

போதாது. ஒரு மாணவரின் நோட்டில் இருந்ததை அப்படியே தருகிறேன்:

"கை கழுவு – பேர், வயசு – எக்ஸ்ப்ளெயின் – கஃப் கட்டு, 2 விரல் மேலே – ரேடியல் பார்த்து ஏத்து – 30 சேர்த்து ஏத்து – மெதுவா இறக்கு – முதல் சத்தம், கடைசி சத்தம் – எழுது."

இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் நோயாளி எப்படி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. டெமோ தொடங்கும்போதே நோயாளியாக நடிப்பவர் முதுகு சாய்த்து, கை மேசைமேல், சட்டைக் கை மடித்துத் தயாராக இருந்தார். டெமான்ஸ்ட்ரேட்டர் அதைச் செய்யவில்லை, அதனால் மாணவர் எழுதவில்லை. தேர்வில் அதே நடிகர் கால்மேல் கால் போட்டு, முழுக்கைச் சட்டையோடு, கையை மடியில் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். வேண்டுமென்றேதான். அங்கே மூன்று மார்க் காத்திருக்கிறது.

இன்னொரு ஓட்டை, வால்வு. காற்றடிக்கும் முன் பல்பில் இருக்கும் திருகை மூட வேண்டும். கை பழகியவர் கஃபைக் கட்டிக்கொண்டே அதை மூடிவிடுவார், வாயால் சொல்ல மாட்டார். நோட்டில் வருவதெல்லாம் டெமான்ஸ்ட்ரேட்டர் பேசியதுதான். பேசாமல் செய்தது விழுந்துபோகிறது. செக்லிஸ்ட் என்பது அந்த ஓட்டைகளை அடைத்து, தேர்வாளரின் நாற்காலியிலிருந்து கண்ணால் பார்க்கக்கூடிய செயல்களாக மாற்றி எழுதுவது.

அப்படியானால் டெமோ நடக்கும்போது என்னதான் எழுத வேண்டும்?

முடிந்தால் முதல் தடவை பேனாவைத் தொடாதீர்கள். டெமான்ஸ்ட்ரேட்டரின் முகத்தைப் பார்க்காமல் இரண்டு கைகளை மட்டும் பாருங்கள். இடது கை எங்கே, வலது கை எங்கே, எப்போது மாறுகிறது. இரண்டாவது தடவை எழுதுங்கள். ஒரே தடவைதான் காட்டுவார்கள் என்றால், பக்கத்தில் இருப்பவரோடு பிரித்துக்கொள்ளலாம்: ஒருவர் பேசுவதை எழுத, மற்றவர் கை செய்வதை எழுத.

அப்புறம் அன்று மாலைக்குள் ஒவ்வொரு வரியையும் எடுத்து "இதை எதிரே உட்கார்ந்தவர் பார்த்து ஆம், இல்லை என்று சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். "மெதுவா இறக்கு" என்ற வரிக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது, யாருக்கு எது மெதுவு? "விநாடிக்கு 2 மி.மீ. வீதம் முள் இறங்குகிறது" என்றால் சொல்ல முடியும். "எக்ஸ்ப்ளெயின்" என்பதும் அப்படித்தான். என்ன சொன்னால் விளக்கியதாகக் கணக்கு? கை இறுகும், சில விநாடி அசௌகரியமாக இருக்கும், இரண்டு தடவை காற்றடிப்பேன், சம்மதமா? இந்த நான்கும் வந்தால் மார்க்.

சரி, முழு செக்லிஸ்ட்டையும் வரிசையாகத் தர முடியுமா? தேர்வாளர் எதைப் பார்ப்பார் என்பதோடு.

கீழே இருப்பது நான் பயன்படுத்துவது. உங்கள் துறையின் மதிப்பெண் தாள் வேறு மாதிரி பிரித்திருக்கலாம். அளவுகள் எல்லாம் மி.மீ. பாதரசத்தில்.

1. கை கழுவுதல் அல்லது கிருமிநாசினி தேய்த்தல். நோயாளியைத் தொடும் முன் நடந்ததா என்று பார்ப்பார். பாட்டிலைக் காட்டி "கழுவிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்பது பல இடங்களில் செல்லாது.

2. தன் பெயர், பொறுப்பு சொல்லுதல். நோயாளியின் முழுப் பெயரையும், இன்னொரு அடையாளமாகப் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லவைத்தல். "நீங்கள்தானே இன்னார்?" என்று நாமே பெயரைச் சொல்லித் தலையாட்ட வைத்தால் அரை மார்க்.

3. விளக்கிச் சம்மதம் பெறுதல்.

4. கேட்க வேண்டியவை: கடந்த அரைமணி நேரத்தில் காபி, புகை, உடற்பயிற்சி உண்டா, சிறுநீர் கழிக்க வேண்டுமா, 5 நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்திருந்தாரா. கூடவே எந்தக் கையையாவது தவிர்க்க வேண்டுமா என்பது. டயாலிசிஸ் ஃபிஸ்டுலா உள்ள கை, மார்பக அறுவையில் அக்குள் நிணநீர்க் கணுக்கள் எடுத்த பக்கம், டிரிப் ஏறும் கை ஆகியவற்றில் கஃப் கட்டக் கூடாது. இந்தக் கடைசிக் கேள்வியைத் தேர்வாளர் தனியாகக் கவனிப்பார், ஏனென்றால் இது நோயாளியின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது.

5. உட்காரும் நிலையைச் சரிசெய்தல். முதுகுக்கு ஆதாரம், பாதம் தரையில், கால் குறுக்கே போடாமல், கை மேசைமேல் இதய மட்டத்தில், அதாவது நெஞ்செலும்பின் நடுப்பகுதி அளவில். பார்ப்பவர் இதில் ஒவ்வொன்றையும் தனியாக எண்ணலாம். நோயாளியே கையைத் தூக்கிப் பிடித்திருந்தால் அது ஆதாரம் ஆகாது.

6. மேல்கையை வெறுமையாக்குதல். சட்டையைச் சுருட்டி இறுக்கமாக மேலேற்றினால் அதுவே ஒரு கட்டுப்போல ஆகிவிடும், அப்போது சட்டைக்கையைக் கழற்றச் சொல்ல வேண்டும்.

7. கஃப் அளவைத் தேர்ந்தெடுத்தல். உள்ளே இருக்கும் காற்றுப்பை மேல்கைச் சுற்றளவில் சுமார் 80 சதவீதம் சுற்ற வேண்டும், அகலம் சுமார் 40 சதவீதம். தேர்வில் டேப் எடுத்து அளக்க வேண்டியதில்லை. கஃபைச் சுற்றிப் பார்த்து, அதன் ஓரம் அச்சிட்ட எல்லைக் கோடுகளுக்குள் விழுகிறது என்று காட்டினால் போதும்.

8. கருவியைப் பார்த்தல். முள் பூஜ்யத்தில் நிற்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா.

9. பிரேக்கியல் துடிப்பைத் தேடுதல். முழங்கை மடிப்பில், பைசெப்ஸ் தசைநாணுக்கு உள்பக்கம். விரல் தசைநாணுக்கு வெளிப்பக்கம் தடவிக்கொண்டிருந்தால் தேர்வாளருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

10. கஃப் கட்டுதல். காற்றுப்பையின் நடுவில் உள்ள அம்புக்குறி அந்தத் துடிப்பின் மேல். கீழ்விளிம்பு மடிப்பிலிருந்து 2 முதல் 3 செ.மீ. மேலே, கஃபுக்கு அடியில் இரண்டு விரல் நுழையும் இறுக்கம்.

11. தொட்டறிந்து சிஸ்டாலிக் கணித்தல். வால்வை மூடி, ரேடியல் துடிப்பில் விரல் வைத்துக் காற்றடித்து, துடிப்பு மறையும் எண்ணைக் கவனித்து அதைச் சத்தமாகச் சொல்லுதல். பிறகு முழுக் காற்றையும் விடுதல்.

12. 30 விநாடி காத்திருத்தல்.

13. ஸ்டெத்தாஸ்கோப்பைக் காதில் மாட்டுதல், காதுமுனைகள் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும்படி. தலைப்பகுதியைப் பிரேக்கியல் துடிப்பின் மேல், கஃபுக்கு அடியில் செருகாமல், அழுத்தாமல் வைத்தல்.

14. கணித்த எண்ணுக்கு மேல் 20 முதல் 30 வரை கூட்டி ஏற்றுதல்.

15. விநாடிக்கு 2 வீதம் இறக்குதல். முதல் சத்தம் சிஸ்டாலிக், சத்தம் முற்றிலும் மறைவது டயஸ்டாலிக். மறைந்த பிறகும் இன்னொரு 10 வரை மெதுவாகவே இறக்கி, உண்மையில் மறைந்ததா என்று உறுதிசெய்துவிட்டு மீதிக் காற்றை விடுதல்.

16. கஃபைக் கழற்றி, நோயாளிக்கு எண்ணைப் புரியும்படி சொல்லுதல்.

17. பதிவு செய்தல். எண், எந்தக் கை, எந்த நிலை, கஃப் அளவு, நேரம். எண் 2இன் மடங்காக இருக்க வேண்டும், ஏனென்றால் முள் பலகையின் கோடுகள் 2 மி.மீ. இடைவெளியில் உள்ளவை. 125 என்று எழுதினால் கோட்டைப் பார்க்காமல் மனக்கணக்கில் எழுதியது தெரிந்துவிடும்.

18. 1 முதல் 2 நிமிடம் கழித்துத் திரும்பவும், முதல் முறை வந்த நோயாளியென்றால் மற்றக் கையிலும் பார்ப்பேன் என்று சொல்லுதல்.

11ஆம் படி எதற்கு? நேராக 200க்கு ஏற்றிவிட்டு இறக்கினால் நேரம் மிச்சம்தானே?

எல்லோருக்கும் 200க்கு ஏற்றினால் 110 உள்ளவருக்குத் தேவையில்லாமல் கை வலிக்கும். அதற்காகக் குத்துமதிப்பாகக் குறைத்து ஏற்றினால் வருவது அதைவிட முக்கியமான பிரச்சினை. சிலருக்கு, குறிப்பாக ரத்த அழுத்தம் அதிகமுள்ள வயதானவர்களுக்கு, முதல் சத்தத்துக்கும் கடைசிச் சத்தத்துக்கும் நடுவில் சத்தமே இல்லாத ஓர் இடைவெளி வரும். ஆஸ்கல்டேட்டரி கேப் என்று சொல்வார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவரின் உண்மையான அழுத்தம் 176/98. 160இலிருந்து 140 வரை சத்தம் கிடையாது. ஒரு மாணவர் தொட்டறியாமல், பொதுவான வழக்கமென்று 150க்கு ஏற்றுகிறார். அவர் இறங்கத் தொடங்குவது அந்த இடைவெளிக்குள். முதலில் அமைதி, 140இல் சத்தம் வருகிறது, 98இல் மறைகிறது. 140/98 என்று எழுதுகிறார். செய்த எல்லாமே முறையாக இருந்தது, காது நன்றாகக் கேட்டது, ஆனால் சிஸ்டாலிக்கில் 36 மி.மீ. காணாமல் போய்விட்டது.

இதே ஆளுக்கு ரேடியல் துடிப்பில் விரல் வைத்து ஏற்றியிருந்தால், துடிப்பு 170ஐ ஒட்டித்தான் மறைந்திருக்கும். இடைவெளியில் சத்தம்தான் இல்லை, ரத்த ஓட்டம் நிற்கவில்லை, அதனால் விரலுக்குத் துடிப்பு தெரியும். 170உடன் 30 சேர்த்து 200க்கு ஏற்றினால் 176இல் முதல் சத்தம் பிடிபடும். 160இல் சத்தம் நின்றாலும் 15ஆம் படியின் கடைசிப் பகுதி கைகொடுக்கும், மெதுவாகவே இறக்கிக்கொண்டு போனால் 140இல் சத்தம் திரும்பி வரும். 10 மட்டும் இறக்கிவிட்டு 160ஐ டயஸ்டாலிக் என்று முடிவுகட்டும் ஆபத்தும் இருக்கிறது, அதனால் சிஸ்டாலிக்கும் டயஸ்டாலிக்கும் 16 வித்தியாசத்தில் வந்தால் சந்தேகப்பட்டு இறக்கிக்கொண்டே போங்கள்.

தேர்வாளர் கேட்கும் துணைக்கேள்வி பெரும்பாலும் இதுதான். செக்லிஸ்ட்டில் 11ஆம் வரிக்கு எதிரே "ஏன்: இடைவெளியைத் தவறவிடாமலிருக்க" என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

விநாடிக்கு 2 என்பது ரொம்பக் கறாராக இல்லையா? யார் விநாடி பார்ப்பார்கள்?

தேர்வாளர் பார்ப்பார். முள் அவருக்கும் தெரியும். கணக்கு எளிது. நாடி நிமிடத்துக்கு 60 என்றால் விநாடிக்கு ஒரு துடிப்பு. விநாடிக்கு 2 இறக்கினால் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் 2தான் நழுவும். விநாடிக்கு 8 இறக்கினால், 128இல் வரவேண்டிய முதல் சத்தம் அடுத்த துடிப்பில் 120இல்கூட கேட்கலாம். வேகமாக இறக்குபவருக்குச் சிஸ்டாலிக் குறைவாகவும் டயஸ்டாலிக் அதிகமாகவும் வருவது இதனால்தான். நாடி மெதுவாகவோ ஒழுங்கில்லாமலோ இருந்தால் இன்னும் நிதானம் வேண்டும்.

பழகுவதற்கு நோயாளி வேண்டாம். கஃபை ஒரு பாட்டிலைச் சுற்றிக் கட்டி 150க்கு ஏற்றி, கடிகாரம் பார்த்து 40 விநாடியில் 70க்குக் கொண்டுவந்து பாருங்கள். விரலுக்குத் திருகு எவ்வளவு திறக்க வேண்டும் என்று பிடிபட ஒரு மாலை போதும்.

வரிசை மாறினால் மார்க் போகுமா?

சில இடத்தில் போகும், சில இடத்தில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். கருவியைப் பார்ப்பதை (8) கஃப் தேர்வுக்கு (7) முன்னால் செய்தாலும் பின்னால் செய்தாலும் ஒன்றுதான். ஆனால் தவிர்க்க வேண்டிய கை எது என்ற கேள்வி கஃப் கட்டிய பிறகு வந்தால் அது கேட்காததற்குச் சமம். பிரேக்கியல் துடிப்பைத் தேடுவது கஃப் கட்டும் முன் வரவேண்டும், இல்லையென்றால் அம்புக்குறியை எதன்மேல் வைத்தீர்கள்? தொட்டறிதல் கேட்டறிதலுக்கு முன்.

என் செக்லிஸ்ட்டில் இப்படி மாற்றக் கூடாத ஜோடிகளை ஓரத்தில் ஒரு கோடு போட்டு இணைத்திருப்பேன். கோடு இல்லாத வரிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம், கை போகிற போக்கில் செய்யலாம். பதினெட்டையும் வரிசையாக உருப்போடுபவர் நடுவில் ஒன்று மறந்தால் அப்படியே நின்றுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

செய்தால் போதுமா, வாயாலும் சொல்ல வேண்டுமா?

கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டாம். "இப்போது நான் கஃபைக் கட்டுகிறேன்" என்று வர்ணனை கொடுத்தால் நோயாளியோடு பேச வேண்டிய வாய் தேர்வாளரோடு பேசிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லுங்கள். விரல் துடிப்பை உணர்ந்ததா என்பது எனக்குத் தெரியாது, அதனால் "துடிப்பு 120இல் மறைந்தது" என்று சொன்னால்தான் 11ஆம் படிக்கு மார்க். கஃப் அளவு சரி என்று முடிவெடுத்ததும் மனதுக்குள் நடப்பது, அதையும் சொல்ல வேண்டும். முள் பூஜ்யத்தில் இருப்பதைப் பார்த்ததும் அப்படியே.

காற்றிறக்கும்போது மட்டும் யாரும் பேசக் கூடாது, நீங்களும் நோயாளியும். பேச்சே அழுத்தத்தைக் கூட்டும். நடிகர் சில நேரம் அந்த நொடியில் ஏதாவது கேள்வி கேட்பார். "ஒரு நிமிடம், முடித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் தப்பிக்கலாம்.

5 நிமிட ஸ்டேஷன். இத்தனையும் நடக்குமா? 5 நிமிடம் ஓய்வே தரவேண்டுமே!

ஓய்வைத் தேர்வில் தர வேண்டாம், கேட்டால் போதும். "5 நிமிடமாக உட்கார்ந்திருக்கிறீர்களா?" நடிகர் ஆம் என்பார். மீதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அறிமுகமும் கேள்விகளும் 50 விநாடி, உட்காரும் நிலை 20, கருவியும் கஃபும் 40, தொட்டறிதல் 25, காத்திருப்பு 30, கேட்டளத்தல் 55, கழற்றிச் சொல்லிப் பதிவது 40. மொத்தம் 260 விநாடி, அதாவது 4 நிமிடம் 20 விநாடி. அந்தக் காத்திருப்பு 30 விநாடியைச் சும்மா விடாமல் ஸ்டெத்தாஸ்கோப்பைக் காதில் மாட்டி, தலைப்பகுதியை விரலால் தட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். இரண்டு பக்கத் தலை உள்ள ஸ்டெத்தாஸ்கோப்பில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று தட்டினால்தான் தெரியும்.

நேரம் போதாமல் போவது பெரும்பாலும் கேள்விகளில். காபி குடித்தீர்களா என்று தொடங்கி முழு நோய் வரலாறும் எடுத்துவிடுவார்கள்.

எனக்குச் சத்தமே கேட்கவில்லை. அப்போது என்ன செய்வது?

தேர்வில் எண்ணைக் கற்பனை செய்யாதீர்கள். முதலில் செய்யக் கூடாதது, பாதியில் திரும்ப ஏற்றுவது. கையில் சிரை ரத்தம் தேங்கி, அடுத்த அளவையும் கெடுத்துவிடும். முழுக் காற்றையும் விட்டு, "சத்தம் தெளிவாக இல்லை, ஒரு நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். அந்த இடைவெளியில் நான்கு விஷயத்தைப் பாருங்கள்: காதுமுனை பின்னோக்கித் திரும்பியிருக்கிறதா, தலைப்பகுதி மூடிய பக்கமாக இருக்கிறதா, பிரேக்கியல் மேல்தான் இருக்கிறதா, முழங்கை மடிந்திருக்கிறதா.

இப்படி நிறுத்தித் திரும்பச் செய்பவருக்கு நான் 15ஆம் படியில் முழு மார்க் தந்திருக்கிறேன். முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் 120/80 என்று சொன்னவருக்குத் தந்ததில்லை.

என் எண் தேர்வாளரின் எண்ணோடு பொருந்தாவிட்டால்?

அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். சில இடங்களில் இரட்டைக் காதுக்குழாய் உள்ள ஸ்டெத்தாஸ்கோப் இருக்கும், அவரும் கூடவே கேட்பார். சில இடங்களில் அழுத்தத்தை முன்கூட்டியே பொருத்திவைத்த பயிற்சிக் கை. இரண்டும் இல்லாத இடத்தில் உங்கள் எண்ணை அவர் சரிபார்க்கவே முடியாது, முறைக்குத்தான் மார்க். ஒப்பிட முடிகிற இடத்தில் நான் இரண்டு பக்கமும் 4 மி.மீ. வரை விடுவேன், சிலர் அதைவிடக் கறார். நீங்கள் செக்லிஸ்ட்டில் எழுத வேண்டியது 4 அல்லது 5 என்ற எண்ணை அல்ல, அது எதனால் விலகும் என்பதை.

கஃப் சிறியதாக இருந்தால் எண் கூடுதலாக வரும். கை இதய மட்டத்துக்குக் கீழே 10 செ.மீ. தொங்கினால் சுமார் 7 முதல் 8 மி.மீ. கூடும், மேலே இருந்தால் அதே அளவு குறையும். கால்மேல் கால் போட்டால் கூடும். ஸ்டெத்தாஸ்கோப்பை அழுத்திப் பிடித்தால் சத்தம் இன்னும் கீழேவரை கேட்டு டயஸ்டாலிக் குறைவாக வரும். சிலருக்கு, எப்படி வைத்தாலும், பூஜ்யம்வரை சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்போது சத்தம் திடீரென்று மங்கும் எண்ணை, அதாவது கொரோட்காஃப்பின் நான்காம் கட்டத்தை, டயஸ்டாலிக்காக எடுத்து அப்படி எடுத்ததையும் எழுத வேண்டும். (1905இல் அவர் இந்தச் சத்தங்களைப் பற்றிச் சொன்னது மிகச் சிறிய அறிக்கை ஒன்றில். நம் செக்லிஸ்ட் அதைவிட நீளம் என்று நினைக்கிறேன்.)

ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர் ரேடியல் என்கிறார், இன்னொருவர் தொட்டறிவதற்கும் பிரேக்கியலே போதும் என்கிறார். யார் சொல்வதை எழுதுவது?

இரண்டும் நடைமுறையில் உள்ளவை. இப்படி முரண்பட்டால் முதலில் அந்தப் படி எதற்கு என்று பாருங்கள். துடிப்பு மறையும் எண் வேண்டும், அவ்வளவுதான். இரண்டாலும் கிடைக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே எப்போதும் செய்யுங்கள். 20 கூட்டுவதா 30ஆ என்பதும் இதே ரகம்.

ஆனால் ஒருவர் காத்திருக்கச் சொல்கிறார், இன்னொருவர் உடனே ஏற்றுகிறார் என்றால் அது வேறு. டெமோவில் நேரமில்லாமல் தாண்டியிருப்பார். இப்படிப்பட்ட இடத்தில் அவரிடமே நேராகக் கேட்டுவிடுங்கள். நான் ஒருமுறை 12ஆம் படியைத் தாண்டிக் காட்டிவிட்டேன், அந்த வகுப்பில் பாதிப் பேர் அடுத்த வாரம் காத்திருக்கவே இல்லை. தவறு அவர்களுடையது அல்ல.

18 வரி அதிகமில்லையா? நண்பர் 40 வரி வைத்திருக்கிறார், அது இன்னும் பாதுகாப்பு என்கிறார்.

40 வரியில் "ஸ்டெத்தாஸ்கோப்பை எடுத்தல்", "காதருகே கொண்டுசெல்லுதல்" எல்லாம் வந்துவிடும். எடுக்காமல் யாரும் கேட்க முடியாது, அதனால் அந்த வரி யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. ஒரு வரியை வைக்கலாமா என்று சந்தேகம் வந்தால், அதைச் செய்யாமலே அடுத்த படிக்குப் போக முடியுமா என்று பாருங்கள். போக முடியும், போனால் எண் கெடும் அல்லது நோயாளிக்குக் கேடு என்றால் அது செக்லிஸ்ட்டில் இருக்க வேண்டிய வரி.

தேர்வாளருக்கும் இது பொருந்தும். அவர் கண் தாளில் இருக்கும்போது உங்கள் கையில் இருக்காது.

எல்லா வரியும் செய்தேன், ஆனாலும் மார்க் குறைந்தது. ஏன்?

தாளின் அடியில் பொதுமதிப்பீடு என்று ஒரு பகுதி இருக்கும் இடங்கள் உண்டு. 1975இல் ரொனால்டு ஹார்டன் குழுவினர் ஆஸ்கி முறையை வெளியிட்டபோது நோக்கம் எல்லாத் தேர்வாளரும் ஒரே தாளை வைத்து மதிப்பிட வேண்டும் என்பது. ஆனால் டிக் மட்டும் போட்டால் உருப்போட்டவரும் கைதேர்ந்தவரும் ஒரே மார்க்கில் வந்து நிற்பார்கள். அதற்காகத்தான் மொத்தமாகப் பார்த்து ஒரு தரம் போடும் பகுதி.

அங்கே நான் எதைப் பார்க்கிறேன் என்று சொல்லலாம். கஃப் இறுகியபோது நோயாளி முகம் சுளித்தால் மாணவர் நிமிர்ந்து பார்த்தாரா. 168/102 வந்தால் "கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, சற்று நேரம் கழித்து இன்னொரு முறை பார்ப்போம்" என்று பதற்றமில்லாமல் சொன்னாரா, அல்லது ஒரே அளவை வைத்து உங்களுக்கு பி.பி. நோய் என்று அறிவித்துவிட்டாரா. இவற்றை 19, 20 என்று வரியாக எழுதி வைக்கலாம், ஆனால் எழுதியதாலேயே வந்துவிடாது.

நான் எழுதிய செக்லிஸ்ட் சரியா என்று எப்படிச் சோதிப்பது?

ரத்த அழுத்தம் பார்த்துப் பழகாத ஒருவரிடம் கொடுத்து, எழுதியிருப்பதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. என் முதல் செக்லிஸ்ட்டை ஒரு ஜூனியரிடம் அப்படிக் கொடுத்தேன். "கஃப் கட்டுதல்" என்று இருந்தது, கனமான சட்டைக்கு மேலேயே கட்டினார். "காற்றேற்றுதல்" என்று இருந்தது, வால்வைத் திறந்தே வைத்துக்கொண்டு விடாமல் அடித்தார், முள் நகரவில்லை. நான் எழுதாமல் விட்ட இரண்டு வரியும் அங்கேயே தெரிந்துவிட்டது.

அடுத்து, இரண்டு பேரை ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் தனித்தனியாக மார்க் போடச் சொல்லுங்கள். எந்த வரியில் இருவர் டிக்கும் மாறுகிறதோ, அந்த வரியின் சொற்களில் கோளாறு. எங்களுக்கு அப்படி மாறிய வரி "நிலையைச் சரிசெய்தல்". ஒருவர் முதுகை மட்டும் பார்த்து மார்க் போட்டார், மற்றவர் கால்களையும் பார்த்து மறுத்தார். அதன் பிறகுதான் முதுகு, பாதம், கை என்று பிரித்து எழுதினேன்.

இதே செக்லிஸ்ட்டைத் தானியங்கிக் கருவி உள்ள ஸ்டேஷனுக்கும் வைத்துக்கொள்ளலாமா?

1 முதல் 7 வரையும், 10, 16, 17, 18உம் அப்படியே பொருந்தும், 17இல் 2இன் மடங்கு என்பது மட்டும் இங்கே கிடையாது, திரையில் வரும் எண்ணையே எழுத வேண்டும். 11 முதல் 15 வரை தேவையில்லை, பொத்தானை அழுத்திவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். 8க்குப் பதில் கருவியின் திரையில் பிழைக் குறி ஏதும் இல்லையா என்று பாருங்கள். 9இல் தேடும் துடிப்பு கஃபின் அம்புக்குறிக்குத் தேவை, அப்படியே ரேடியலையும் தொட்டு நாடி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நாடி ஒழுங்கில்லாமல் இருந்தால் தானியங்கிக் கருவியின் எண்ணை நம்ப முடியாது, கையால்தான் பார்க்க வேண்டும். அந்த ஸ்டேஷனில் நடிகரின் கையில் ஒழுங்கற்ற நாடியைக் கொண்டுவர முடியாது என்பதால், தேர்வாளர் அதைக் கேள்வியாகக் கேட்பார்.